உறைக்குள் போகும் ஓட்டு

2018 தீபாவளிக்கு ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் விஜய் நடித்த ‘சர்கார்’ வெளியானது. வெளிநாட்டில் பெரிய நிறுவனம் நடத்தும் சுந்தர் ராமசாமி ஓட்டுப் போடவென்றே சென்னைக்கு வருகிறார். பூத்துக்குப் போனால் அவருடைய ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் ‘49பி’யைக் கையில் எடுக்கிறார், நீதிமன்றம் போகிறார், கதை மறுதேர்தல் வரைக்கும் நீள்கிறது. அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தல் வந்தது. அதற்குள் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் டீக்கடைகளில் பேப்பர் படிப்பவர்கள் நடுவே அந்த எண் பழகிப்போய்விட்டது. வழக்கறிஞர்களும் தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் மட்டுமே அறிந்திருந்த ஒரு விதியை ஒரு படம் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதைச் சினிமா செய்த நல்ல காரியம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எண் தெரிந்த அளவுக்கு, அந்த விதி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியவில்லை. அரசியல் படங்களையும் தொடர்களையும் பார்த்துத் தேர்தலையும் அரசாங்கத்தையும் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்த 49பி ஒன்றே நல்ல பாடம். படம் எதுவரை உண்மை, எந்த இடத்தில் கதையாக மாறுகிறது என்பதை இதை வைத்தே பார்த்துவிடலாம். நிதானமாக ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் பூத்துக்குள் போவோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடி உரக்க வாசிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சிகளின் பூத் ஏஜென்டுகள் தங்கள் கையிலிருக்கும் பட்டியலைப் பார்க்கிறார்கள். உங்கள் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறது, அதாவது உங்கள் பெயரில் ஓட்டு விழுந்துவிட்டது. உங்கள் விரலிலோ மை இல்லை. இப்போது விஷயம் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போகிறது.

அவர் உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார். அப்பா பெயர், வயது, முகவரி என்று நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று உறுதியாகும்படி சில கேள்விகள் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால், 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்ற விதி உங்களுக்கு ஒரு வழி தருகிறது. இயந்திரத்தில் பொத்தானை அழுத்த விட மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் காகிதத்தில் அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார்கள். இதைத்தான் ‘டெண்டர் ஓட்டு’ என்கிறார்கள். இதற்கென்று ஒவ்வொரு பூத்துக்கும் வழக்கமாக 20 சீட்டுகள் கொடுத்தனுப்புகிறார்கள்.

சீட்டின் பின்பக்கம் அது டெண்டர் ஓட்டு என்று முத்திரை இருக்கும், இல்லையென்றால் தலைமை அலுவலர் கையாலேயே எழுதுவார். நீங்கள் மறைவிடத்துக்குப் போய், இயந்திரம் வருவதற்கு முன் எல்லோரும் பயன்படுத்திய அதே ரப்பர் முத்திரையை வேட்பாளர் பெயருக்கு நேரே குத்தி, மடித்து, தலைமை அலுவலர் கையில் கொடுக்க வேண்டும். பெட்டியில் போடும் வேலை இல்லை. அவர் அதைத் தனி உறையில் வைக்கிறார். படிவம் 17பி என்ற தாளில் உங்கள் பெயர், பட்டியலில் உங்கள் எண் எல்லாவற்றையும் எழுதி, உங்கள் கையெழுத்தையோ கைரேகையையோ வாங்கிக்கொள்கிறார். மாலையில் அந்த உறை சீல் வைக்கப்பட்டு மற்றக் காகிதங்களோடு போகிறது.

இனி அனைவரும் தவறாக நினைத்துக்கொள்ளும் இடத்துக்கு வருகிறோம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ‘என் ஓட்டை நான் போட்டுவிட்டேன், எண்ணும்போது அதுவும் சேர்ந்துவிடும்’ என்று வீடு திரும்புபவர் நினைக்கிறார். சேராது. எண்ணிக்கை நாளில் டெண்டர் ஓட்டு உறையைத் திறப்பதே இல்லை. உங்கள் பெயரில் வேறொருவர் இயந்திரத்தில் போட்ட ஓட்டுதான் எண்ணப்படும். இயந்திரத்தில் விழுந்த ஓட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே அந்தக் கள்ள ஓட்டை அன்றைக்கே தேடி எடுத்துக் கழிக்க வழி இல்லை. கழிக்காமல் உங்கள் ஓட்டையும் சேர்த்தால் ஒரு பெயருக்கு இரண்டு ஓட்டு ஆகிவிடும்.

ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். இந்த மாதச் சர்க்கரையை உங்கள் அட்டையில் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். கடைக்காரர் உங்களை நம்புகிறார். ஒரு தனி நோட்டில் தேதி போட்டு உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். சர்க்கரை அன்றைக்குக் கிடைக்காது. ஆனால் நாளைக்கு விசாரணை என்று ஒன்று வந்தால், அந்த நோட்டில் இருக்கும் ஒரு வரிதான் உங்கள் பக்கத்துச் சாட்சி. டெண்டர் ஓட்டு செய்வதும் இதே வேலையைத்தான்.

இந்தத் தவறான எண்ணத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. 2019 தேர்தல் சமயத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றியது. ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் அங்கே மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றது அது. அப்படி எந்த விதியும் கிடையாது. பட்டியலில் பெயரே இல்லாதவர்கள் ஆதாரைக் காட்டி ‘பிரிவு 49ஏ’யின் கீழ் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம் என்றும் அதே செய்தி சொன்னது. 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. சேலஞ்ச் என்பது, ‘இவர் அந்த வாக்காளர் இல்லை’ என்று ஒரு பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. அதற்கும் பெயர் விடுபட்டவருக்கும் தொடர்பே இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் 49பி-யும் உதவாது, வேறெந்த எண்ணும் உதவாது.

சரி, அந்த உறை எப்போதுதான் திறக்கும்? அதற்கு ஒரே வழி, தேர்தல் முடிந்தபின் உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் வழக்கு. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தோற்ற வேட்பாளரோ அந்தத் தொகுதியின் வாக்காளரோ போட வேண்டும். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து நீதிமன்றம் நிறுத்துவதை அரசியலமைப்பின் 329-ஆம் பிரிவு தடுக்கிறது. இதற்கு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு நம் ஊரிலிருந்து போனதுதான். முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதிக்கு மனு செய்த பொன்னுசாமியின் வேட்புமனு தள்ளுபடியானது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். தேர்தல் முடியட்டும், அதன்பின் தேர்தல் வழக்காகக் கொண்டுவாருங்கள் என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்குப் போட்டாலும், கள்ள ஓட்டு விழுந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அது முடிவையே மாற்றியிருக்கும் என்று காட்ட வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தாம்பரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 36,000-த்தைத் தாண்டியது. அங்கே நூறு டெண்டர் ஓட்டு விழுந்திருந்தாலும் உறையைத் திறக்க ஒரு நீதிபதிக்குக் காரணம் இருக்காது. மாறாக, 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். அங்கே டெண்டர் ஓட்டுகளைப் பற்றிய சண்டை 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சீட்டுகூட முடிவைப் புரட்டக்கூடிய இடம் அது.

நம் ஊரில் இப்படி ஒரு நெருக்கமான தேர்தல் எப்படி நகர்ந்தது என்பதை முழுசாகப் பார்த்தால் படத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் புரியும். 2016 மே மாதம் நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். அங்கே தகராறு டெண்டர் ஓட்டில் வரவில்லை, தபால் ஓட்டில் வந்தது. தேர்தல் பணிக்குப் போனவர்கள் அனுப்பிய 203 தபால் ஓட்டுகளில் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் போட்டிருந்தார்கள். சான்றொப்பம் போட அவர்களுக்குத் தகுதி இல்லை என்று அந்த ஓட்டுகள் எண்ணிக்கை மேசையிலேயே நிராகரிக்கப்பட்டன. நிராகரித்த ஓட்டு 203, வித்தியாசம் 49. முடிவு மாறியிருக்கலாம் என்ற வாதத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

அப்பாவு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தத் தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். தேர்தல் நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறுஎண்ணிக்கை நடந்தது, ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை நீடித்துக்கொண்டே போக, அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து வருஷமும் முடிந்துபோனது. 2021-இல் அதே தொகுதியில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகராகவும் ஆனார். பழைய வழக்கின் எண்ணிக்கை உறைக்குள்ளேயே இருந்தது. இதை ஒரு இயக்குநர் படமாக எடுத்தால் இடைவேளை எங்கே விடுவது என்றே தெரியாது. அதனால்தான் சினிமா முதலில் சுருக்குவது காலத்தை. ஐந்து வருஷம் ஒரு பாட்டுக்குள் போய்விடுகிறது.

அப்படியென்றால் தேர்தலை ரத்துசெய்வது முழுக்கக் கற்பனையா? அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் உண்மையாகவே தேர்தல்கள் நின்றிருக்கின்றன. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு என்று இருந்தது. பெருந்தொகைப் பணம் பிடிபட்டதை அடுத்து, இரண்டு நாளுக்கு முன் அந்தத் தேர்தல் ரத்தானது. தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்தார். பிறகு ஆகஸ்ட் 5-இல் வாக்குப்பதிவு நடந்தது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் ஓட்டுப் போட்டபின் நாயகனின் வழக்கால் நடப்பது, நிஜத்தில் ஓட்டுப் போடும் முன்பே ஆணையத்தின் கையால் நடந்தது. நிகழ்ச்சி கிட்டத்தட்ட ஒன்று, செய்த கை வேறு, செய்த நேரமும் வேறு.

பணம் பிடிபட்டால் தேர்தல் நின்றுவிடும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஏப்ரல் 6 இரவு தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று பேரிடமிருந்து ஏறக்குறைய 4 கோடி ரூபாயைப் பறக்கும் படை பிடித்தது. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் அதற்கான தாள்களைக் காட்ட வேண்டும். பிடிபட்ட தொகை 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். அப்படித்தான் அங்கேயும் வேலைகள் தொடங்கின, வழக்கு பிறகு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஏப்ரல் 19 அன்று சொன்னபடி வாக்குப்பதிவு நடந்தது. படத்தில் பணப்பெட்டி திறந்த அடுத்த காட்சியில் வில்லன் வீழ்வான். நிஜத்தில் அந்தப் பணம் யாருடையது, யாருக்குப் போகவிருந்தது என்று நிரூபிப்பதே தனிக் கதை.

இவ்வளவையும் பார்த்தபின், எந்தப் படத்தை எதற்காகப் பார்ப்பது என்று முடிவுசெய்வது எளிது. மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு படம் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம், பயம், ஆசை, சாதிக்கணக்கு, விசுவாசம் எல்லாம் அதில் அடங்கும். எழுதுபவர்கள் அதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுகிறார், எத்தனை நாளில் என்று வரும்போது நம்பாமல் சரிபார்க்க வேண்டும். நையாண்டிப் படத்தைவிட, சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லி நிஜம்போல நடக்கும் படத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். நையாண்டி மிகைப்படுத்துகிறது என்பது நமக்குப் பார்க்கும்போதே தெரிகிறது. எண் சொல்லும் படத்தில் அந்த எண்ணே நம் சந்தேகத்தைத் தூங்கவைத்துவிடும்.

வாக்குச்சாவடியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படம் சொல்லச் சொன்னால் 2017-இல் வந்த இந்திப் படமான ‘நியூட்டன்’ என்பேன். ராஜ்குமார் ராவ் நடித்த ஒரு சாதாரண அரசு ஊழியர், சத்தீஸ்கர் காட்டுக்குள் 76 வாக்காளர்கள் உள்ள ஒரு பூத்துக்குத் தலைமை அலுவலராகப் போகிறார். கதை முழுக்க அவர் செய்வது விதியை விதிப்படி நடத்துவது. குறித்த நேரம் வரைக்கும் பூத்தை மூடக் கூடாது என்று அடம்பிடிக்கிறார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் உங்கள் பெயரை ஏற்பதும், டெண்டர் சீட்டு எடுத்துத் தருவதும், உறைக்குச் சீல் வைப்பதும் அந்த ஒருவர் கையில்தான் இருக்கிறது. அவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராகவோ அலுவலக ஊழியராகவோ இருப்பார். காலையில் வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே ஏஜென்டுகள் கண்ணெதிரில் இயந்திரத்தில் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டு, எண்ணிச் சரிபார்த்து, அழித்துவிட்டுச் சீல் வைப்பவரும் அவரே. தேர்தலின் நடுவில் இருப்பது இந்த மனிதர்தான் என்று புரியவைத்த படங்கள் குறைவு.

பிரச்சாரத்தைப் புரிந்துகொள்ள மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, நேரடியாகத் தொலைக்காட்சியில் வெளியானது. ஓர் ஊராட்சியில் இரண்டு சாதிகள், இரண்டு வேட்பாளர்கள். வீடுவீடாகக் கணக்குப் போட்டால் இரு பக்கமும் சமம். அதுவரை யாரும் ஒரு பொருட்டாகவே மதிக்காத முடிதிருத்துபவருக்குப் புதிதாக வாக்காளர் அட்டை வருகிறது, அவர் ஓட்டுதான் முடிவு. யோகிபாபு அந்தப் பாத்திரத்தில் நடித்தார்.

இதில் மிகை எது என்பது வெளிப்படை. ஒரே ஓட்டுக்காக ஊரே ஏலம் எடுப்பதுதான் மிகை. ஆனால் அந்த மிகையைத் தாங்கி நிற்கும் கணக்கு முழுக்க உண்மை. நம் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. வாக்காளர்கள் சில ஆயிரம் பேர்தான், பூத் ஏஜென்டுக்கு ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லித் தெரியும். ஆகவே வாக்குப்பதிவுக்கு முன்பே காகிதத்தில் முடிவு எழுதிப் பார்க்கிறார்கள். உண்மையிலேயே சமமாக வந்தால் என்ன ஆகும் என்பது படத்தைப் பார்த்ததும் எழும் கேள்வி. குலுக்கல் போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஓர் ஓட்டுக் கூடியதாக வைத்து வென்றவரை அறிவிப்பார்கள். பணமோ பொருளோ கொடுத்து ஓட்டு வாங்குவது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் குற்றம் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால், அந்தப் படத்தின் சிரிப்பு எவ்வளவு கசப்பானது என்பது புரியும்.

தேர்தல் முடிந்தால் அரசாங்கம். இங்கே நம் எல்லோர் மனத்திலும் 1999-இல் வந்த ஷங்கரின் ‘முதல்வன்’ உட்கார்ந்திருக்கிறது. தொலைக்காட்சிச் செய்தியாளர் புகழேந்தி ஒரே ஒரு நாள் முதலமைச்சராகிறார். தெருவிலேயே ஆணை தட்டச்சாகிறது, அங்கேயே அதிகாரிகள் வேலை இழக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர் முதலமைச்சராக முடியுமா என்றால் முடியும். அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் அவகாசம் தருகிறது, அதற்குள் ஜெயித்து வர வேண்டும். படம் கற்பனைக்குப் போவது அடுத்த படியில்தான். ஒரு அரசு ஊழியரைத் தற்காலிகமாகப் பணியிடை நீக்கம் செய்வது வேகமாக நடக்கலாம். ஆனால் நிரந்தரமாக வேலையை விட்டு நீக்க, குற்றச்சாட்டைக் கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை நடத்த வேண்டும் என்று 311-ஆம் பிரிவு சொல்கிறது. நேர்மையான அதிகாரியைக் கோபத்தில் தூக்கிவிடாமல் காப்பதும் அதே பிரிவுதான்.

தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பு போகும் பாதையையும் பாருங்கள். உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலர், துணைச் செயலர், செயலர் என்று ஏறி அமைச்சர் மேசைக்கு வரும். பணம் சம்பந்தப்பட்டது என்றால் நடுவில் நிதித் துறை பார்க்க வேண்டும். கடைசியில் வெளிவரும் அரசாணையில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று எழுதி, துறைச் செயலர் கையெழுத்துப் போடுவார். அமைச்சர் கோப்பில் முடிவு எழுதுகிறார், வெளியே வரும் ஆணையில் இருப்பது செயலரின் பெயர். இந்த இரண்டு கையெழுத்துக்கு நடுவில் இருக்கும் தூரத்தில்தான் பாதி அரசியல் நடக்கிறது.

அந்தத் தூரத்தையே கதையாக எடுத்துக்கொண்டது பி.பி.சி.யின் ‘எஸ் மினிஸ்டர்’. 1980 முதல் 1984 வரை வந்து, பிறகு ‘எஸ் பிரைம் மினிஸ்டர்’ ஆகத் தொடர்ந்தது. அமைச்சர் ஜிம் ஹேக்கர் ஏதோ மாற்ற நினைக்கிறார். செயலர் சர் ஹம்ஃப்ரி மறுக்காமலே அதை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார், குழு அமைக்கலாம், அறிக்கை வரட்டும், நேரம் சரியில்லை என்று. எழுதிய ஆன்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் பிரதமர் அலுவலகத்தில் உள்ளே இருந்தவர்களிடம் பேசி விவரம் சேகரித்தார்கள். இந்தியிலும் 2001-இல் ‘ஜி மந்திரிஜி’ என்று ஃபாரூக் ஷேக் நடித்து வந்தது. பிரிட்டனில் செயலர்கள் ஆட்சி மாறினாலும் அதே நாற்காலியில் இருப்பார்கள். நம் ஊரில் ஆட்சி மாறிய வாரமே செயலர்கள் இடமாற்றம் ஆவார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கோப்பு ஏன் நகர்வதில்லை என்பதற்கு முதல்வனைவிட இந்தத் தொடரே நல்ல வாத்தியார்.

ஆக, பார்க்கும்போது கையில் மூன்று கேள்விகள் இருந்தால் போதும். இந்த முடிவில் கையெழுத்துப் போட உண்மையில் அதிகாரம் உள்ளவர் யார்? அதற்கு எத்தனை நாள் ஆகும்? பாதிக்கப்பட்டவர் எதிர்த்து எங்கே போக முடியும்? ‘சர்கார்’ முதல் கேள்வியில் ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் மாற்றிக் காட்டுகிறது, இரண்டாவதில் வருஷங்களை நாள்களாக்குகிறது. ‘முதல்வன்’ மூன்றாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. ‘நியூட்டன்’ மூன்றுக்கும் ஏறக்குறைய நேர்மையாகப் பதில் சொல்கிறது. இதற்காகப் பெரிய படங்களை ஒதுக்க வேண்டியதில்லை. கேள்வியோடு பார்த்தால் ‘சர்கார்’கூட நல்ல பாடம்தான், 49பி-யை வைத்தே நாம் இத்தனை தூரம் வந்துவிட்டோமே.

கடைசியாக ஒன்று, இது எந்தப் படத்திலும் வராது. ‘என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள்’ என்பதைவிட ‘என் பெயரே பட்டியலில் இல்லை’ என்பதைத்தான் தென்சென்னைப் புறநகரில் அதிகம் கேட்கிறோம். இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம். சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்கும், அங்கிருந்து மேடவாக்கத்துக்கும் வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம். பழைய முகவரியில் ஆள் இல்லை என்றால் பெயர் நீக்கத்துக்குப் போகும், புதிய முகவரியில் நாம் சேர்த்திருக்க மாட்டோம். வீடு மாறினால் படிவம் 8, முதன்முறையாகச் சேருபவர் என்றால் படிவம் 6. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு எந்த அலுவலராலும் எந்த நீதிபதியாலும் அந்தத் தேர்தலுக்கு உங்களைச் சேர்க்க முடியாது. வார இறுதியில் பக்கத்துப் பள்ளியில் நடக்கும் திருத்த முகாமில் வசனமும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. ஆனால் மேலே பார்த்த கதை முழுக்க நமக்கு நேராக அதிகாரம் இருக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டால் 49பி-யை நாடும் நிலையே பெரும்பாலும் வராது.